ஒரே வருமானம், இரண்டு வாழ்க்கை: மனித மேம்பாட்டுக் குறியீட்டை நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

2021இல் இலங்கையில் தலா வருமானம் 12,578 டாலர். மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள எக்குவடோரியல் கினியில் 12,074 டாலர். வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. வருமானத்தை மட்டும் வைத்து உலக நாடுகளை வரிசைப்படுத்தினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதே ஆண்டில் இலங்கையில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 76.4 ஆண்டு. எக்குவடோரியல் கினியில் பிறந்த குழந்தைக்கு 60.6 ஆண்டு. ஏறக்குறைய பதினாறு ஆண்டு வாழ்க்கை, தலா வருமானம் என்ற எண்ணுக்குள் தெரியாமல் மறைந்து கிடக்கிறது. இதை வெளியே கொண்டுவரத்தான் மனித மேம்பாட்டுக் குறியீடு உருவானது.

இந்தக் குறியீட்டைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் மூன்று வரி இருக்கும்: ஆயுள், கல்வி, வருமானம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு முறையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அதற்குள் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் வருமானம் நம்மை ஏமாற்றுகிறது என்பது பிடிபடும். இந்த இரண்டு நாடுகளையும் வைத்து அதைச் செய்வோம். ஒரு கால்குலேட்டர் போதும். எக்செல் இருந்தால் இன்னும் வசதி.

யார், எதற்காக உருவாக்கினார்கள்

மஹபூப் உல் ஹக் பாகிஸ்தானின் பொருளியலாளர். 1960களில் அந்த நாட்டின் திட்டக் குழுவில் தலைமைப் பொருளியலாளராக இருந்தார். அப்போது பாகிஸ்தானின் வளர்ச்சி விகிதம் உலகமே பாராட்டும்படி இருந்தது. 1968இல் அவரே மேடையேறி, நாட்டின் தொழில்துறையில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று சொன்னார். தான் திட்டமிட்ட வளர்ச்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கை அவர் தலைமையில் வந்தது. கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர் அமர்த்தியா சென் உடன் இருந்தார். மனித வாழ்க்கையை ஒற்றை எண்ணுக்குள் அடக்குவதில் சென்னுக்கு முதலில் விருப்பமில்லை. ஹக்கின் வாதம் எளிமையானது: மொத்த உள்நாட்டு உற்பத்தியை அதன் அரியணையிலிருந்து இறக்க நூறு அட்டவணைகளால் முடியாது, அதைப் போலவே மொட்டையான இன்னொரு ஒற்றை எண்ணால்தான் முடியும். குறியீட்டின் பலமும் பலவீனமும் அந்த ஒரு முடிவிலிருந்தே வருகின்றன.

முதல் படி: நான்கு எண்களை ஒரே அறிக்கையிலிருந்து எடுங்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு எண்கள் வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் முதல் அட்டவணையிலேயே நான்கும் இருக்கும். நாம் எடுத்துக்கொள்வது 2022 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கை. அதிலுள்ள தரவு 2021ஆம் ஆண்டுக்கானது.

இலங்கை: எதிர்பார்க்கப்படும் ஆயுள் 76.4, எதிர்பார்க்கப்படும் பள்ளி ஆண்டுகள் 14.1; சராசரி பள்ளி ஆண்டுகள் 10.8, தலா தேசிய வருமானம் 12,578 டாலர்.

எக்குவடோரியல் கினி: 60.6, 9.7, 5.9; 12,074 டாலர்.

ஆயுள் எண்ணை ஓர் ஆண்டின் அறிக்கையிலிருந்தும் வருமானத்தை இன்னோர் ஆண்டின் அறிக்கையிலிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது. புதிய மக்கள்தொகைக் கணக்கோ விலை ஒப்பீடோ வரும்போது பழைய ஆண்டுகளின் எண்களையும் சேர்த்துத் திருத்துவார்கள். இதே காரணத்தால்தான், "போன வருடம் 131ஆம் இடம், இந்த வருடம் 132ஆம் இடம், ஒரு படி சறுக்கிவிட்டோம்" என்கிற செய்திகளுக்குப் பொருள் குறைவு. காலப்போக்கை அறிய வேண்டுமென்றால், புதிய அறிக்கையிலேயே முந்தைய ஆண்டுகளைத் திருத்திக் கணக்கிட்ட போக்கு அட்டவணை தனியாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணின் பக்கத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள். அந்த எண் பழைய ஆண்டுக்கானது அல்லது மதிப்பீடு என்று அங்கே எழுதியிருக்கும். ஏழை நாடுகளின் கல்வி எண்களில் இது அடிக்கடி வரும்.

இரண்டாம் படி: ஆயுளை 0 முதல் 1 வரையிலான எண்ணாக மாற்றுங்கள்

ஆண்டையும் டாலரையும் அப்படியே கூட்ட முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரையும் ஒரு கூரையும் வைத்து, நாடு அந்த இடைவெளியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆயுளுக்குத் தரை 20, கூரை 85. இடைவெளி 65 ஆண்டு.

இலங்கை: 76.4இலிருந்து 20ஐக் கழித்தால் 56.4. அதை 65ஆல் வகுத்தால் 0.868.
எக்குவடோரியல் கினி: 40.6ஐ 65ஆல் வகுத்தால் 0.625.

"எதிர்பார்க்கப்படும் ஆயுள் 60.6" என்றால் அந்த நாட்டில் எல்லோரும் அறுபதில் இறந்துவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்று ஒவ்வொரு வயதிலும் நிலவும் இறப்பு விகிதம் அப்படியே நீடித்தால், இன்று பிறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பதே அதன் பொருள். பிறந்த முதல் ஆண்டில் இறக்கும் குழந்தைகள் இந்தச் சராசரியைப் பலமாகக் கீழே இழுப்பார்கள். ஆகவே எண் குறைவாக இருந்தால், முதியோரைவிடக் குழந்தைகளையும் பிரசவத்துக்குப் போகும் தாய்மார்களையும் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு கெட்ட ஆண்டும் இதைச் சட்டென்று இறக்கிவிடும். கொரோனா காலத்தில் இந்தியாவின் எண் 69.7இலிருந்து 67.2க்கு விழுந்தது. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது அந்த ஆண்டில் போரோ கொள்ளைநோயோ இருந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: கல்வியில் இரண்டு தலைமுறைகளைச் சேர்த்துப் பாருங்கள்

கல்விக்கு இரண்டு எண்கள் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. ஒன்று இன்று பள்ளிக்குள் நுழையும் குழந்தையைப் பற்றியது: இப்போதுள்ள சேர்க்கை நிலை நீடித்தால் அது எத்தனை ஆண்டு படிக்கும். மற்றது 25 வயதைக் கடந்த பெரியவர்கள் உண்மையில் எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பது. முதல் எண் அரசு இன்று என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த அரசு என்ன செய்தது என்பதைச் சொல்கிறது.

முதலாவதுக்குக் கூரை 18 ஆண்டு, இரண்டாவதுக்கு 15. இரண்டையும் தனித்தனியே வகுத்துச் சராசரி எடுக்க வேண்டும்.

இலங்கை: 14.1ஐ 18ஆல் வகுத்தால் 0.783, 10.8ஐ 15ஆல் வகுத்தால் 0.720. சராசரி 0.752.
எக்குவடோரியல் கினி: 9.7ஐ 18ஆல் வகுத்தால் 0.539, 5.9ஐ 15ஆல் வகுத்தால் 0.393. சராசரி 0.466.

எக்குவடோரியல் கினியின் 5.9க்குப் பின்னால் ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதும் ஆட்சிக்கு வந்த மசியாஸ் ங்குவேமா, படித்தவர்களை எதிரிகளாகவே நடத்தினார். ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள், பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. 1979இல் அவரைக் கவிழ்த்த, அவர் உடன்பிறப்பின் மகன் தியோடோரோ ஒபியாங் இன்றுவரை அதிபர். 1970களில் பள்ளி வயதில் இருந்த அந்தக் குழந்தைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். சராசரிக்குள் அவர்களும் இருக்கிறார்கள். 5.9க்கு அந்தக் காலத்தைக் குறை சொல்லலாம். 9.7க்குச் சொல்ல முடியாது. அது எண்ணெய்ப் பணம் கொட்டிய காலத்துக்குப் பின் பள்ளி செல்லும் குழந்தைகளின் எண்.

இந்தப் பகுதியில் குறியீட்டுக்கு உள்ள பெரிய குறை, அது வகுப்பறையில் இருந்த ஆண்டுகளை எண்ணுகிறதே தவிரக் கற்றதை எண்ணவில்லை. இந்திய கிராமப்புறங்களில் 2018இல் நடந்த அசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. குறியீட்டைப் பொறுத்தவரை அத்தனை பேரும் ஐந்து ஆண்டு படித்தவர்கள்.

நான்காம் படி: வருமானம்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில், எந்த வருமானம்? குறியீடு எடுத்துக்கொள்வது மொத்த உள்நாட்டு உற்பத்தியை அல்ல, மொத்த தேசிய வருமானத்தை. உள்நாட்டு உற்பத்தி என்பது ஒரு நாட்டின் எல்லைக்குள் விளைந்தது எல்லாம். தேசிய வருமானம் என்பது அதில் வெளிநாட்டு முதலாளிகளுக்குப் போகும் லாபத்தைக் கழித்து, வெளிநாட்டிலிருந்து நாட்டவருக்கு வரும் சம்பாத்தியத்தைச் சேர்த்தது. எக்குவடோரியல் கினியில் 1990களின் நடுவில் கடலுக்கடியில் பெரிய எண்ணெய் வளம் கிடைத்தது. எடுத்தது அமெரிக்க நிறுவனங்கள். எண்ணெய் முழுவதும் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறும். லாபத்தின் பெரும்பங்கு கப்பலேறிப் போய்விடும். உள்நாட்டு உற்பத்தியை வைத்துப் பார்த்திருந்தால் அந்த நாடு இன்னும் பணக்காரத் தோற்றம் காட்டியிருக்கும்.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2015இல் அயர்லாந்தின் உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் காகிதத்தில் அந்த நாட்டுக்கு மாற்றியதால் வந்த வளர்ச்சி அது. டப்ளின்வாசியின் சம்பளம் 26 சதவீதம் ஏறிவிடவில்லை. அதன்பின் அந்நாட்டுப் புள்ளியியல் துறை தனக்கென்று திருத்திய தேசிய வருமானக் கணக்கு ஒன்றையே உருவாக்க வேண்டியதாயிற்று.

நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோகாவிலோ ரியாத்திலோ ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்பவர் கணக்குப்படி அந்த நாட்டின் குடியிருப்பாளர். அவர் சம்பளம் அந்த நாட்டின் தேசிய வருமானத்தில்தான் சேரும். அவர் மட்டக்களப்புக்கோ இராமநாதபுரத்துக்கோ அனுப்பும் பணம் ஒரு கை மாற்றமாகவே கருதப்படும். நம் தேசிய வருமானத்தில் ஏறாது. அந்தப் பணத்தில் கட்டிய வீடும் படித்த பிள்ளையும் இங்கே இருந்தாலும், வருமானக் கணக்கு அதைக் காணாது.

இரண்டாவது, எந்த டாலர்? சந்தை மாற்று விகிதப்படியான டாலரைப் போடக் கூடாது. நூறு ரூபாய்க்கு இங்கே கிடைக்கும் சாப்பாடும் முடிவெட்டும் அதே மதிப்புள்ள டாலருக்கு நியூயார்க்கில் கிடைக்காது. அதனால் வாங்கும் சக்தி சமநிலைப்படி திருத்திய டாலரைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவுக்கு அந்த அறிக்கையில் 6,590 டாலர் என்று இருக்கிறது. வங்கி மாற்று விகிதப்படி கணக்கிட்டால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஒரு நாட்டுக்கு ஒரு வகை, மற்றதற்கு இன்னொரு வகை என்று போட்டுவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

மூன்றாவது, வருமானத்தை அப்படியே போடாமல் அதன் மடக்கையை எடுப்பது ஏன்? ஆண்டுக்கு 1,000 டாலரில் வாழ்பவருக்கு இன்னொரு 1,000 கிடைத்தால் மூன்று வேளைச் சாப்பாடும் மருந்தும் வரும். 50,000 டாலர் வாங்குபவருக்கு அதே 1,000 பெரிதாக எதையும் மாற்றாது. இதைக் கணக்குக்குள் கொண்டுவரத்தான் மடக்கை. தரை 100 டாலர், கூரை 75,000. சூத்திரத்தில் வருமானம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குறியீடு 0.105 ஏறும், தொடக்கம் எதுவாக இருந்தாலும் சரி. 1,000லிருந்து 2,000க்குப் போனால் 0.105. 50,000லிருந்து 51,000க்குப் போனால் 0.003 மட்டும். கூரைக்கு மேலே உள்ள பணம் எண்ணப்படவே படாது.

இலங்கை: 12,578ஐ 100ஆல் வகுத்து இயல் மடக்கை, அதாவது கால்குலேட்டரில் ln, எடுத்தால் 4.834. கூரைக்கான மடக்கை, அதாவது 750இன் மடக்கை, 6.620. வகுத்தால் 0.730.
எக்குவடோரியல் கினி: 4.794ஐ 6.620ஆல் வகுத்தால் 0.724.

மடக்கை எடுக்க மறந்தால் உடனே தெரிந்துவிடும். இலங்கையின் வருமானக் குறியீடு 0.73க்குப் பதில் 0.17 என்று வரும்.

ஐந்தாம் படி: மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுங்கள்

2010க்கு முன் மூன்று குறியீடுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். அதில் ஓர் ஓட்டை இருந்தது: ஆயுளில் தோற்றதைப் பணத்தால் ஈடுகட்டிவிடலாம். 0.9, 0.9, 0.3 என்று இருக்கும் ஒரு நாட்டுக்குக் கூட்டுச் சராசரி 0.70 தரும். இப்போது பின்பற்றப்படும் பெருக்கல் சராசரியில் அது 0.62தான். ஒன்றில் பலவீனமாக இருந்தால் மற்றவற்றின் உயரமும் வீணாகும்.

இலங்கை: 0.868 × 0.752 × 0.730 = 0.476. கனமூலம் 0.781. அறிக்கையில் 0.782.
எக்குவடோரியல் கினி: 0.625 × 0.466 × 0.724 = 0.211. கனமூலம் 0.595. அறிக்கையில் 0.596.

மூன்றாம் தசம இடத்தில் வரும் ஒன்றின் வித்தியாசம், அச்சிட்ட எண்கள் முழுமையாக்கப்பட்டிருப்பதால் வருவது. அதற்கு மேல் விலகினால் எங்கோ பிழை. எக்செல்லில் செய்பவர்கள் B2 முதல் E2 வரை நான்கு எண்களையும் மேலே சொன்ன வரிசையில் போட்டுவிட்டு இதை எழுதலாம்:

```
=GEOMEAN((MIN(B2,85)-20)/65, (MIN(C2,18)/18+MIN(D2,15)/15)/2, LN(MIN(E2,75000)/100)/LN(750))
```

0.8க்கு மேல் மிக உயர்ந்தது, 0.7 முதல் உயர்ந்தது, 0.55 முதல் நடுத்தரம், அதற்குக் கீழே தாழ்ந்தது என்று பிரிக்கிறார்கள். வருமானத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு நாடுகளில் இலங்கை 191 நாடுகளில் 73ஆம் இடம். எக்குவடோரியல் கினி 145ஆம் இடம்.

ஆறாம் படி: இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலோர் எண் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதியிலும் இலங்கையின் எண்ணை மற்றதன் எண்ணால் வகுத்து, அதே இயல் மடக்கை எடுங்கள். ஆயுளுக்கு 0.33, கல்விக்கு 0.48, வருமானத்துக்கு 0.01க்கும் குறைவு. மூன்றையும் கூட்டி ஒவ்வொன்றின் பங்கைப் பார்த்தால், இரண்டு நாடுகளுக்கும் இடையிலான தூரத்தில் 59 சதவீதம் கல்வியால், 40 சதவீதம் ஆயுளால், வெறும் 1 சதவீதம் வருமானத்தால்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். எக்குவடோரியல் கினியின் ஆயுளையும் கல்வியையும் அப்படியே வைத்துக்கொண்டு, வருமானத்தை மட்டும் கூரையான 75,000 டாலருக்கு உயர்த்துங்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் இப்போதுள்ளதைப்போல ஆறு மடங்கு பணம். குறியீடு 0.663க்கு வரும், அதற்கு மேல் ஏறாது. அதே ஆண்டில் 5,472 டாலர் தலா வருமானம் உள்ள வங்கதேசத்தின் குறியீடு 0.661. சூத்திரத்துக்குள் இருக்கும் நியாயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது சோதனை: வருமானத்தை முழுவதும் எடுத்துவிட்டு, ஆயுளையும் கல்வியையும் மட்டும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். குறியீட்டுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு வருமானம் இருப்பதால், பணக்கார நாடு பணத்தாலேயே கொஞ்சம் மேலே ஏறிவிடும். அதை நீக்கினால் இலங்கைக்கு 0.808. தலா 87,134 டாலர் உள்ள கத்தாருக்கு 0.790. மொத்தக் குறியீட்டில் கத்தார் 0.855 பெற்று 42ஆம் இடத்தில் இருக்கிறது. ஏழில் ஒரு பங்கு வருமானமுள்ள இலங்கை, பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதைத் தாண்டி நிற்கிறது. கத்தாரின் சராசரிக்குள் அங்கு உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பணம் ஏன் வாழ்க்கையாக மாறவில்லை

எண்கள் சொல்வதை வரலாறு விளக்குகிறது. இலங்கையில் 1931இலேயே ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வருபவர் ஆஸ்பத்திரியும் பள்ளியும் தருவேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்ததைத் தொடர்ந்து கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் பெருகின. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி மழலை வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை நீண்டது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவ மாது நாட்டின் எல்லா மூலைகளுக்கும் போனார். இவை எதற்கும் நாடு பணக்காரனாகும் வரை காத்திருக்கவில்லை. இதில் பெரும் செலவு சம்பளம்தான். ஏழை நாட்டில் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்கும் சம்பளமும் குறைவு என்பதால் அது கட்டுப்படியானது.

எக்குவடோரியல் கினியின் பணம் வேறு வழியில் போனது. 2011இல் ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்காகத் அப்போது தலைநகராக இருந்த மலாபோவின் அருகே சிபோபோவில் கடற்கரையோரம் 52 மாளிகைகளை எழுப்பினார்கள், வரும் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று. அதிபரின் மகனும் துணை அதிபருமான தியோடோரின் ஒபியாங்குக்குப் பாரிஸ் அவென்யூ ஃபோஷில் ஒரு மாளிகை இருந்தது. பொதுப்பணத்தைக் கையாடி வாங்கிய சொத்து என்று 2017இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2021இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதி செய்தது. அந்த மாளிகைக்குப் போன பணமும் தேசிய வருமானத்தில்தான் எண்ணப்பட்டது. மக்கள்தொகையால் வகுத்தபோது, மலாபோவில் மீன் விற்பவரின் பெயரிலும் ஒரு பங்கு எழுதப்பட்டது.

சராசரி ஏமாற்றும் விதம் இதுதான். பணத்தை ஒருவர் பெயரில் நூறு மடங்கு குவிக்கலாம். ஆயுளை அப்படிக் குவிக்க முடியாது. எந்த அதிபரின் மகனும் நூறு பேரின் ஆயுளைத் தான் வாழ்ந்துவிட முடியாது. ஆகவே ஆயுளின் சராசரி 76க்கு ஏற வேண்டுமென்றால், மிகப் பலர் உண்மையாகவே நீண்ட காலம் வாழ்ந்தாக வேண்டும். பள்ளி ஆண்டுகளும் அப்படியே. குறியீட்டில் வருமானத்தை விட மற்ற இரண்டையும் அதிகம் நம்பலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏழாம் படி: குறியீடு காட்டாததைத் தேடுங்கள்

0.782 என்ற இலங்கையின் எண் 2022 செப்டம்பரில் அச்சாகி வந்தபோது, நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஜூலையில்தான் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். பெட்ரோல் வரிசையில் மக்கள் இரவு பகலாக நின்றார்கள், மருந்துக்குத் தட்டுப்பாடு. குறியீட்டில் இதன் நிழல்கூட இல்லை. அது பழைய ஆண்டுக்கான தரவு என்பது ஒரு காரணம். கடன், அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அரசு நிலைத்திருக்குமா என்பதெல்லாம் அதன் நான்கு எண்களுக்கு வெளியே இருப்பது பெரிய காரணம். சேர்த்து வைத்த ஆயுளும் கல்வியும் மெதுவாகத்தான் கரையும். அவசர நிலையை அறிய இந்தக் குறியீட்டைப் பார்க்காதீர்கள்.

சராசரிக்குள் மறைபவர்களும் இருக்கிறார்கள். இலவசக் கல்வி பரவிய அதே காலத்தில், 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் போயிற்று, கேட்பதற்கு நாதியில்லை. தோட்டப் பள்ளிகள் கம்பெனிகளின் பொறுப்பிலேயே பல காலம் கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. 10.8 என்ற தேசியச் சராசரியில் அந்தத் தோட்டத்துப் பாட்டி பள்ளிக்குப் போகாததும், கொழும்பில் பட்டம் பெற்றவரின் பதினாறு ஆண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இதைச் சரிசெய்ய 2010 முதல் ஏற்றத்தாழ்வு கழித்த குறியீடு ஒன்றும் தனியாக வருகிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றிலும் மக்களிடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறதோ, அவ்வளவுக்கு மதிப்பைக் குறைப்பார்கள். எல்லோரும் சமமாக இருந்தால் எண் மாறாது. 2021இல் இந்தியாவின் 0.633 இந்தக் கழிவுக்குப் பின் 0.475 ஆனது, கால் பங்கு இழப்பு. இலங்கையின் 0.782 குறைந்து 0.676 ஆனது. எந்த நாட்டை ஒப்பிட்டாலும் இந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் எழுதி, இழப்பின் சதவீதத்தைக் கணக்கிடுங்கள். பெரிய நாடாக இருந்தால் மாநில வாரியான எண்களையும் தேடிப் பாருங்கள். ஒரே இந்தியாவுக்குள் கேரளமும் பீகாரும் வேறு வேறு நாடுகள் அளவுக்கு விலகி நிற்கின்றன. ஆண், பெண் வேறுபாட்டுக்கு என்று தனிக் குறியீடும் அதே அறிக்கையில் உண்டு.